95 வாங்கியும் ஏன் ஏ1 இல்லை?

சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு முடிவு வந்ததும் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என் பையனுக்குக் கணக்கில் 92, ஏ1 போட்டிருக்கிறார்கள். தமிழிலும் அதே 92தான், அதில் பி1. அச்சுப்பிழையா?" பிழை இல்லை. மதிப்பெண் பட்டியலில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த எழுத்து, பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்பதைச் சொல்வதில்லை. அந்தப் பாடத்தில், அந்த வருடம், அவனோடு தேர்ச்சி பெற்றவர்களுக்கு நடுவே அவன் எங்கே நிற்கிறான் என்பதைச் சொல்கிறது.

கணக்கிடும் விதம் எளிது. ஒரு பாடத்தில் 33 சதவீதத்துக்குக் கீழே வாங்கித் தேர்ச்சி பெறாதவர்களை முதலில் ஒதுக்கிவிடுவார்கள், அவர்களுக்கு ஈ. மிச்சமிருக்கும், தேர்ச்சி பெற்ற அத்தனை பேரையும் மதிப்பெண் வாரியாக மேலிருந்து கீழே அடுக்கி, அந்த வரிசையை எட்டுச் சம பங்காக வெட்டுவார்கள். முதல் பங்குக்கு ஏ1, அடுத்ததற்கு ஏ2, பிறகு பி1, பி2, சி1, சி2, டி1. கடைசிப் பங்குக்கு டி2. பள்ளிக்குப் பள்ளியோ ஊருக்கு ஊரோ இது தனித்தனியாக நடப்பதில்லை. அந்தப் பாடத்தை எழுதியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரிசை.

ஆகவே ஏ1 என்றால் தேர்ச்சி பெற்றவர்களில் ஏறத்தாழ முதல் பன்னிரண்டரை சதவீதத்துக்குள் பிள்ளை இருக்கிறான் என்று பொருள். அந்த இடத்துக்கு எத்தனை மதிப்பெண் தேவை என்பது எங்கும் முன்கூட்டியே எழுதி வைக்கப்படவில்லை. விடைத்தாள் எல்லாம் திருத்தி முடித்த பிறகுதான் அது தெரியவரும்.

எட்டாக வெட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே மதிப்பெண் வாங்கியவர்கள் கூட்டமாக நிற்பார்களே, வெட்டும் கோடு அவர்கள் நடுவே விழுந்தால்? கற்பனையாக ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். 800 பேர் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள், ஆக ஒரு பங்குக்கு 100 பேர். மேலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறோம். 96ம் அதற்கு மேலும் வாங்கியவர்கள் 90 பேர். ஏ1க்கு இன்னும் 10 இடம் பாக்கி. ஆனால் 95 வாங்கியவர்கள் 30 பேர் இருக்கிறார்கள்! 10 பேருக்கு ஏ1, 20 பேருக்கு ஏ2 என்று பிரிக்க முடியாது, எல்லோரும் வாங்கியது அதே 95தான். இந்த இடத்துக்கு வாரியம் வைத்திருக்கும் விதி: சிறிய துண்டு பெரிய துண்டோடு போகும். கோட்டுக்கு மேலே 10, கீழே 20, எனவே 30 பேரும் கீழே இறங்கி ஏ2 பெறுகிறார்கள். ஏ1 90 பேரோடு நின்றுவிடுகிறது. அதே 95ஐ 18 பேர் மட்டும் வாங்கியிருந்தால் மேலே 10, கீழே 8 என்று கணக்கு மாறி, 18 பேருக்கும் ஏ1 கிடைத்திருக்கும். பிள்ளையின் விடைத்தாளில் எதுவும் மாறவில்லை. கூட நின்றவர்களின் எண்ணிக்கைதான் மாறியது.

எண்ணுவதைத் தொடர்வோம். 94 வாங்கியவர்கள் 34 பேர், 93 வாங்கியவர்கள் 38 பேர். இதுவரை 192 பேர் ஆயிற்று. அடுத்து 92 வாங்கியவர்கள் 40 பேர். 200இல் விழும் கோடு இவர்களை 8, 32 என்று பிரிக்கிறது. பெரிய துண்டு கீழே இருப்பதால் 40 பேரும் பி1. ஏ2 என்பது இந்தப் பாடத்தில் 93, 94, 95 என்ற மூன்றே மதிப்பெண்ணுக்குள் முடிந்துபோகிறது. கூட்டம் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் இப்படித்தான் ஆகும்: ஒரு மதிப்பெண் குறைந்தால் ஒரு எழுத்து குறையும். கீழே போகப் போகக் கூட்டம் கலைந்திருக்கும். கடைசி 100 பேர் 33இலிருந்து 50 வரை பரவிக் கிடக்கலாம், எல்லோருக்கும் ஒரே டி2. மேலே ஒரு மதிப்பெண் பிரித்துக் காட்டியதை இங்கே பதினேழு மதிப்பெண்கூடக் காட்டாது. இந்த முறையின் பெரிய பலவீனம் இதுதான் என்பது என் எண்ணம்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிடும். தமிழில் நிறையப் பேர் 92ஐத் தாண்டியிருக்கிறார்கள், கணக்கில் அவ்வளவு பேர் தாண்டவில்லை. பையன் தமிழில் பின்தங்கிவிட்டான் என்று இதை வைத்துத் திட்டுவது நியாயமில்லை. நூற்றுக்கு 92 எழுதியவனுக்குப் பாடம் தெரியும். எழுத்து சொல்வதெல்லாம், அந்த வருடம் அந்தத் தாள் பலருக்கும் கைகொடுத்தது என்பதைத்தான்.

500 பேருக்கு மேல் தேர்ச்சி பெற்ற பாடங்களுக்குத்தான் இந்த வெட்டு. அதற்கும் குறைவாக இருந்தால் அதைப் போன்ற வேறு பாடங்களில் எழுத்துகள் பரவியிருக்கும் விதத்தைப் பின்பற்றுவார்கள்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், இதே எழுத்துகள் வேறு கணக்கிலும் புழங்குவது. 2010 முதல் 2017 வரை பத்தாம் வகுப்பில் நிலையான அட்டவணை ஒன்று இருந்தது: 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2, இப்படியே பத்துப் பத்தாக இறங்கும். சின்ன வகுப்புகளின் ரிப்போர்ட் கார்டில் இன்றும் பல பள்ளிகள் இதைத்தான் போடுகின்றன. எட்டாம் வகுப்பு வரை 92க்கு ஏ1 பார்த்துப் பழகிய வீட்டில், பொதுத்தேர்வில் அதே 92க்கு பி1 வந்தால் கலக்கம் வராதா?

நிலையான அட்டவணை புரிந்துகொள்ளச் சுலபம். ஆனால் அதிலும் இழப்பு உண்டு. அதில் ஏ1க்கு 10 புள்ளி, ஏ2க்கு 9. ஐந்து பாடங்களின் புள்ளிச் சராசரியை 9.5ஆல் பெருக்கினால் உத்தேச சதவீதம் கிடைக்கும் என்றார்கள். ஐந்திலும் 90 வாங்கிய பெண்ணைப் பாருங்கள். எல்லாம் ஏ2, சராசரி 9, பெருக்கினால் 85.5. ஐந்திலும் 81 வாங்கிய பெண்ணுக்கும் அதே 85.5தான். ஒருத்திக்கு நாலரை போயிற்று, இன்னொருத்திக்கு நாலரை வந்தது! மதிப்பெண்ணை எழுத்தாக்கிவிட்டு அந்த எழுத்திலிருந்து மறுபடி மதிப்பெண்ணைக் கறக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். உள்ளே போன விவரம் திரும்பி வராது.

இன்றைய பட்டியலில் மதிப்பெண்ணும் எழுத்தும் பக்கம் பக்கமாக இருப்பதால் அந்தக் கவலை இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் போதும். மதிப்பெண் அதிகம், எழுத்து தாழ்வு என்றால் அந்தப் பாடத்தில் பலரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். மதிப்பெண் சுமார், எழுத்து உயர்வு என்றால் அந்த வருடம் தாள் எல்லோரையும் சோதித்திருக்கிறது. 78க்கு ஏ2 வந்தால் அந்த 78ஐக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. ஒரு வருடத்து ஏ1ஐ முந்தைய வருடத்து ஏ1ஓடு ஒப்பிட்டு அக்காவை விடத் தம்பி கெட்டி என்று சொல்வதிலும் அர்த்தமில்லை. இரண்டு வரிசையிலும் நின்றவர்கள் வேறு வேறு ஆட்கள்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200க்கு மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கில் 95க்குப் பக்கத்தில் ஏ1 இருந்தாலும் ஏ2 இருந்தாலும் அங்கே சேர்வது 95தான்.