வெட்டிவேர் முடிச்சு எத்தனை நாள் வேலை செய்யும்?

கிராம்பும் நொச்சியும் சேர்த்துக் கட்டி பீரோவில் போட்டுவைத்த வெட்டிவேர் முடிச்சு ஆறு மாதம் கழித்தும் மணக்கிறது என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் துணியை மணக்க வைப்பதும் பூச்சியைத் தள்ளி வைப்பதும் இரண்டு வேலைகள். ஒரே முடிச்சுக்குள் இருந்தாலும் அவற்றைச் செய்யும் பொருள்கள் வேறு, அவை தீர்ந்துபோகும் வேகமும் வேறு.

முதலில் பூச்சியைப் பார்ப்போம். பறக்கிற அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை. அதற்கு மெல்லும் வாயே கிடையாது. கம்பளியில் ஓட்டை போடுவது அதன் புழு. கம்பளி, ரோமம், இறகு இவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைச் செரிக்கத் தெரிந்த அபூர்வமான உயிர்களில் அதுவும் ஒன்று. பருத்தி அதற்குப் பிடிக்காது. வியர்வையோ சாப்பாட்டுக் கறையோ படிந்திருந்தால் மட்டும் கடித்துப் பார்க்கும். நம் ஊரில் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் திட்டுத்திட்டாகச் சுரண்டல் தெரிந்தால், பெரும்பாலும் அது மாவுச்சத்தைத் தேடிவரும் ராமபாணப் பூச்சியின் வேலை.

முடிச்சால் செய்ய முடிந்தது, முட்டையிட வரும் தாய்ப்பூச்சியைத் தயங்க வைப்பதுதான். உள்ளே ஏற்கெனவே புழு இருந்தால் இந்த வாசனைக்கு அது சாகாது.

இனி முடிச்சுக்குள். நொச்சி இலையின் எண்ணெயில் சிறிய மூலக்கூறுகள் நிறைய உண்டு. அவை சீக்கிரம் ஆவியாகிவிடும். கிராம்பின் எடையில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். அதில் பெரும்பங்கு யூஜினால். பூச்சிகளின் நரம்பு மண்டலத்தைத் தொந்தரவு செய்யும் பொருள் இது. இது நொச்சியைவிட நிதானமாக ஆவியாகும். வெட்டிவேரின் வாசனையைத் தருவதோ 15 கார்பன் அணுக்கள் கொண்ட கனமான மூலக்கூறுகள். அவை மிக மெதுவாகத்தான் வெளியேறும். ஆக, முதலில் நொச்சி, அப்புறம் கிராம்பு, கடைசியில் வெட்டிவேர் என்று தீர்கிறது. சில மாதம் கழித்து நம் மூக்குக்கு எட்டுவது வெட்டிவேர் மட்டும்தான். பூச்சியை விரட்டும் பங்கில் பெரும்பகுதி எப்போதோ போயிருக்கும்.

கம்பளிச் சால்வைகள் வைத்த ஒரு சின்ன டிரங்குப் பெட்டிக்கு ஒரு முடிச்சு செய்வோம். வெட்டிவேர் 15 கிராம், கிராம்பு 10 கிராம், நிழலில் உலர்த்திய நொச்சி ஒரு கைப்பிடி. நொச்சி கையில் கசக்கினால் பொடியாக உதிர வேண்டும்; மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். வெட்டிவேரை மண் போக அலசி, நன்றாகக் காய வைத்து, விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும். ஈரம் பட்டால் நன்றாக மணக்கிறதே என்று தண்ணீர் தெளித்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

கிராம்பில்தான் ஏமாற்று அதிகம். எண்ணெய் வடித்தெடுத்த பிறகும் அது கடைக்கு வந்துவிடும். நகத்தால் அழுத்தினால் நல்ல கிராம்பில் எண்ணெய் கசியும். தண்ணீரில் போட்டால் தலை மேலே இருக்க நிமிர்ந்து நிற்கும், அல்லது மூழ்கும். சத்துப் போனது படுத்து மிதக்கும். பாதியை மட்டும் ஒன்றிரண்டாக இடித்துப் போடுங்கள். இடித்தது உடனே வேலை செய்யும், முழுசாக இருப்பது எண்ணெயைச் சேமித்து வைத்திருக்கும். எல்லாவற்றையும் மல் துணியில் தளர்வாகக் கட்டினால் போதும். கிராம்பு எண்ணெய் பட்டில் கறையாகப் படியும் என்பதால், முடிச்சுக்கும் துணிக்கும் நடுவே ஒரு பருத்தித் துணியைப் போடுவது நல்லது.

இதே முடிச்சை மூன்று கதவு பீரோவில் வைத்தால் என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது என்பேன். ஆவி சேர்ந்து நின்றால்தான் பூச்சிக்கு உறைக்கும். தினமும் நாலு தடவை திறக்கிற பீரோவில் அது நிற்பதே இல்லை. மூடி இறுக்கமான பெட்டிதான் இதற்குச் சரியான இடம்.

வைப்பதற்கு முன் சால்வையைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். புழு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல், குளிர் முழுக்கத் தணிந்த பிறகு திறந்தால் துணியில் நீர் படியாது.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நொச்சியையும் கிராம்பையும் மட்டும் மாற்றுங்கள், வெட்டிவேர் அப்படியே இருக்கட்டும். மாற்றும்போது முடிச்சை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துணியில் ஊசி குத்தினாற்போல் துளையும் அடியில் மெல்லிய தூளும் இருந்தால், மசாலாவிலும் நாட்டு மருந்திலும் விழும் பழுப்பு வண்டு உள்ளே குடியேறிவிட்டது. உலர்ந்த இலையும் வேரும் அதற்குத் தீனி. அந்த முடிச்சை மொத்தமாக வெளியே எறிந்துவிட்டு, பெட்டியின் மூலைமுடுக்கெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான்.