மேய்க்காலில் ஆறாவது ஆடு

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்க ஊர் மேய்க்கால் புறம்போக்குல இப்ப புல்லே இல்ல, எல்லாம் சீமைக்கருவேல். ஜனங்களோட பேராசைதானே காரணம்?"

பேராசையே வேண்டாம், கணக்கு ஒன்று போதும். ஒரு மேய்க்கால், பத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆடு மிகக் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் வருடத்தில் 20 கிலோ எடை ஏறும். ஓர் ஆடு கூடினால் ஒவ்வோர் ஆட்டுக்கும் அதில் 200 கிராம் குறையும். வீட்டுக்கு 5 வீதம் 50 ஆடு மேய்ந்தால் ஆட்டுக்கு 10 கிலோ, வீட்டுக்கு 50 கிலோ. அந்த நிலம் கொடுக்கக்கூடிய உச்சம் அதுதான்.

ஒருவர் ஆறாவது ஆட்டை விடுகிறார். அவருக்கு 58.8 கிலோ. மற்ற ஒன்பது வீட்டுக்கும் தலா ஒரு கிலோ குறைகிறது. அவருக்கு வந்தது 8.8, மற்றவர்கள் இழந்தது 9. இதைப் பார்த்த எல்லாரும் ஆடு சேர்க்க, வீட்டுக்கு 9 ஆட்டில் போய் நிற்கிறது. இப்போது ஒரு வீட்டுக்குக் கிடைப்பது 18 கிலோதான். சரி, ஒருவர் மட்டும் மனசு மாறி ஓர் ஆட்டை விற்கிறார். அவர் பங்கு 17.6 ஆகிறது! தனியாகத் திருந்துகிறவருக்கு நஷ்டம். இந்தப் பூட்டுதான் என்னை வியக்க வைக்கிறது. ஊருக்கு நல்லது சொல்லித் திருத்த முடியாததும் இதனால்தான்.

இதைப் 'பொதுச்சொத்தின் துயரம்' என்று 1968இல் எழுதியவர் சூழலியலாளர் காரெட் ஹார்டின். தனியாருக்குப் பிரித்துக்கொடு, இல்லையேல் அரசு கட்டுப்படுத்தட்டும் என்றார். ஊராரே கூடி விதி வகுத்துக்கொள்ளும் மூன்றாவது வழியை ஆராய்ந்து காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளாதார நோபல் பெற்றார். அவர் எடுத்துக்காட்டிய டோர்பெல் என்ற சுவிஸ் கிராமத்தில் 1517 முதல் ஒரு விதி: பனி மூடும் குளிர்காலம் முழுக்கத் தன் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையைத்தான் மலை மேய்ச்சலுக்கு ஓட்டலாம்.

நம் ஊரில் அப்படிப் பனி மூடும் காலம் இல்லை. கோடையை அளவாக வைக்கலாம். அதைவிட முக்கியம், முதல் மழைக்குப் பின் மேய்க்காலை மூடிவைப்பது. கொழுக்கட்டைப் புல் அடித்தண்டில் சேர்த்துவைத்த சத்தில்தான் முதல் இலையை விடுகிறது. அதை உடனே கடித்துவிட்டால் சத்து தீர்ந்து தூர் செத்துவிடும். ஆடு தொடாத ஆவாரை மட்டும் செழித்து நின்றால் நிலம் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

வாசகர் ஊரில் அதற்கும் மேலே போயிருக்கிறது. சீமைக்கருவேலங்காயைத் தின்னும் ஆடு விதையைப் புழுக்கையோடு ஊரெல்லாம் போடும். வெட்டிய மரமும் அடிக்கட்டையிலிருந்து தழைக்கும். மரம் நட ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது சீமைக்கருவேலை வேரோடு தோண்ட ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. தோண்டிய இடத்தைப் புல் தூர் கட்டும்வரை மூடி, வீட்டுக்கு இத்தனை ஆடு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்த பிறகே திறக்க வேண்டும்.