அடித்த சொல் எங்கே போகிறது?

“என் கதையை மெய்ப்புப் பார்த்தவர் வேர்ட் கோப்பில் சிவப்பும் நீலமுமாகத் திருத்தி அனுப்பியிருக்கிறார். ஒரு திருத்தம் பிடிக்காமல் Reject கொடுத்தேன். அவர் அடித்த என் சொல் அப்படியே திரும்பி வந்துவிட்டது. அதுவரை அது எங்கே இருந்தது?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

எங்கேயும் போகவில்லை. இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். .docx கோப்பு என்பது ஒரு ஜிப் மூட்டைதான். கோப்பை ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் .zip என்று மாற்றித் திறந்தால் உள்ளே word என்று ஒரு அடைவு, அதற்குள் document.xml. உங்கள் கதை முழுவதும் அதில் வெறும் எழுத்தாக இருக்கும். திருத்தங்களைப் பதிவு செய்யும் Track Changes வசதியைப் போட்டுவிட்டு ஒருவர் ‘மலை பெய்தது’ என்பதை ‘மழை பெய்தது’ என்று திருத்தினால் அங்கே ஏறக்குறைய இப்படிப் பதிவாகும்:

```
<w:del w:id="7" w:author="கலா"
  w:date="2025-03-04T10:15:00Z">
  <w:r><w:delText>மலை</w:delText></w:r>
</w:del>
<w:ins w:id="8" w:author="கலா"
  w:date="2025-03-04T10:15:00Z">
  <w:r><w:t>மழை</w:t></w:r>
</w:ins>
```

‘மலை’ அழியவில்லை, ‘இது நீக்கப்பட்டது’ என்ற உறைக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். ‘மழை’ இன்னொரு உறைக்குள். Accept கொடுத்தால் நீக்கல் உறை உள்ளிருக்கும் சொல்லோடு சேர்ந்து போகும், சேர்த்தல் உறை மட்டும் பிரிந்து சொல் நிற்கும். Reject கொடுத்தால் அப்படியே தலைகீழ். பழைய பிரதி, புதிய பிரதி என்று இரண்டு கோப்பு கிடையாது. ஒரே கோப்பை எந்த உறையை விட்டுவிட்டுப் படிக்கிறோம் என்பதில்தான் இரண்டு பிரதிகளும் இருக்கின்றன. எனக்கு இது தீராத வியப்பு.

உறைக்குள் உறையும் உண்டு. கலா சேர்த்த சொல்லை அடுத்துப் பார்க்கும் இன்னொருவர் அடித்தால், சேர்த்தல் உறைக்குள் நீக்கல் உறை உட்காரும். இருவர் கையும் தெரியும். ஆனால் கலா தான் சேர்த்ததைத் தானே அழித்தால் அது உண்மையிலேயே போய்விடும். அவருடைய தயக்கங்கள் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, சரிதானே! அப்புறம், அந்தப் பெயர் ஒன்றும் கையெழுத்து அல்ல. அந்தக் கணினியில் வேர்டுக்கு என்ன பெயர் கொடுத்திருக்கிறதோ அதுதான் விழும். டிடிபி கடையில் உட்கார்ந்து திருத்தினால் கடைக்காரர் பெயரில் இலக்கணம் திருத்தப்பட்டிருக்கும்.

தமிழில் மட்டும் ஒரு வேடிக்கை. ‘ஐந்து கொடி ரூபாய்’ என்று இருப்பதைக் ‘கோடி’ ஆக்க வேண்டும். நம் கண்ணுக்கு ‘கொ’ ஓர் எழுத்து. கணினிக்கோ அது ‘க’வும் அதன் பின்னால் வரும் ஒகரக் குறியும். திருத்துபவர் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டினால் குறி மட்டும் நீக்கல் உறைக்குள் போகும், ‘க’ வெளியே நிற்கும், புதிய ஓகாரக் குறி இன்னோர் உறையில் தனியே வரும். திரையில் மெய்யும் குறியும் பிரிந்து, புள்ளி வட்டங்களில் தொங்கும் கொம்பும் காலும்தான் சில நேரம் மிஞ்சும். ஏற்றுக்கொண்டதும் சரியாகிவிடும், ஆனால் அதற்குள் எழுதியவர் பயந்துபோயிருப்பார். அதனால் தமிழில் திருத்தும்போது ஓர் எழுத்துத்தான் பிழை என்றாலும் முழுச் சொல்லையும் தேர்ந்தெடுத்துத் தட்டச்சு செய்வதே நல்லது.

ஓரக் குறிப்பு வேறு விதம். அது comments.xml என்ற தனிக் கோப்பில் இருக்கும். கதைக்குள் அதன் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே எண்ணிட்ட இரண்டு முளைகள் அடிக்கப்பட்டிருக்கும். ஒரு பத்திக்கே முளையடித்து நான்கு வரி எழுதினால் எந்தச் சொல்லைப் பற்றிய பேச்சு என்று தெரியாது. ‘செவ்வாய்’ என்ற சொல்லில் மட்டும் முளையடித்து “முந்தைய அத்தியாயத்தில் புதன். எது?” என்று கேட்டால் போதும். பிழையை வரியிலேயே திருத்திவிட வேண்டும். காரணமோ கேள்வியோ இருந்தால்தான் ஓரத்துக்குப் போக வேண்டும். ‘மலை’க்கெல்லாம் குறிப்பு எதற்கு?

Review பட்டியில் காட்சியை No Markup என்று மாற்றியதும் எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறைய. அது உறைகளைக் கண்ணுக்கு மறைக்கும், கோப்பிலிருந்து எடுக்காது. 2004இல் எஸ்.சி.ஓ. என்ற மென்பொருள் நிறுவனம் டைம்லர்கிரைஸ்லர் மீது போட்ட வழக்கின் வேர்ட் கோப்பில், முதலில் குறிவைத்திருந்தது பாங்க் ஆஃப் அமெரிக்காவை என்பது இப்படி மறைந்திருந்த எழுத்திலிருந்தே செய்தியாளர்களுக்குத் தெரிந்தது.

Track Changes போடாமலே ஒருவர் திருத்தியிருந்தால் உறையே இருக்காது. உங்கள் பழைய கோப்பை வைத்துக்கொண்டு Review பட்டியில் Compare கொடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு உறைகளை வேர்டே போட்டுத் தரும். ஆனால் அது ஊகம்தான். யார், எப்போது, எந்த வரிசையில் திருத்தினார் என்பது அதற்குத் தெரியாது.