ஊரறிந்த செய்திக்கும் சான்று வேண்டுமா?

நீலகிரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அசைன்மெண்ட் எழுதும் முதலாண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது: "எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கும் எங்கிருந்து எடுத்தோம்னு போடணுமா மேடம்?"

கோத்தகிரி மாணவி ஒருவர் குறிஞ்சியைப் பற்றி எழுதியிருந்த பத்தியையே எடுத்துக்கொள்வோம். நீலகிரி மாவட்டத்தின் தலைநகர் உதகமண்டலம் என்று தொடங்கியிருந்தார். இதற்குச் சான்று வேண்டாம். எந்த நூலைப் புரட்டினாலும் இதே பதில்தான், மறுப்பவரும் இல்லை. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்பதும் அப்படியே. ஆனால் ஏன் 12 ஆண்டு என்று விளக்கப் போனால் அது ஓர் ஆய்வாளரின் கருத்து. அவர் யார் என்று சொல்லியாக வேண்டும்.

அடுத்த வாக்கியத்தில்தான் சிக்கல்: "தேயிலை வந்ததால் நீலகிரியின் புல்வெளியில் பெரும்பகுதி அழிந்துவிட்டது." மலையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள் என்று அவர் வாதாடினார். உண்மைதான், சொல்வார்கள். ஆனால் பலர் சொல்வதும் ஐயமின்றி முடிவான செய்தியும் ஒன்றல்ல. 'பெரும்பகுதி' என்பது ஓர் அளவு. எந்த ஆண்டு முதல், எந்த இடத்தில், யார் அளந்தார்கள்? 'தேயிலையால்' என்பது காரணம். சீகை மரமும் கற்பூர மரமும் புல்வெளியைப் பிடித்ததை என்ன செய்வது? அளவும் காரணமும் வந்த இடத்தில் சான்று கட்டாயம்.

தேடியபோது 2018-ல் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று கிடைத்தது. நாற்பது ஆண்டுகளில் மலைப்புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது, மரத்தோட்டங்களும் விவசாயமும் காரணம் என்கிறது அது. மாணவிக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் அது பழனி மலையைப் பற்றிய ஆய்வு! அதை நீலகிரி வாக்கியத்தின் கீழே போட்டால், சான்றே இல்லாததைவிட மோசம்; படிப்பவரை ஏமாற்றுவதாகிவிடும். கடைசியில் வாக்கியத்தையே மாற்றினார்: பழனி மலையில் இவ்வளவு குறைந்ததாக இந்த ஆய்வு சொல்கிறது, நீலகிரிக்குத் தனியாகத் தேட வேண்டும் என்று. மாணவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சான்று இருக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, அது நம் வாக்கியத்தைத் தாங்குகிறதா என்று பார்ப்பதில்லை.

"எங்க பாட்டி சின்ன வயசுல பார்த்த புல்வெளி இப்ப இல்லை, அதை எழுதலாமா?" என்றும் கேட்டார். தாராளமாக எழுதலாம். பாட்டியின் சம்மதத்தோடு, அவர் பெயரையும் பேசிய நாளையும் குறித்து, நேர்காணல் என்று காட்ட வேண்டும். அது அவர் கண்டதற்குச் சான்று. மலை முழுவதற்குமான கணக்கு ஆகாது.

அப்புறம் இன்னொன்று. குறிஞ்சி பூக்கும் காலத்தைச் சொல்லச் சான்று வேண்டாம் என்றேன் அல்லவா? அதை ஒரு நூலின் சொற்களிலேயே அப்படியே எடுத்து எழுதினால், செய்தி பொதுவானதே என்றாலும், மேற்கோள் குறியும் நூலின் பெயரும் பக்கமும் வேண்டும்.