அஞ்சு கோடு போட்டால் ஆறு ஊர் சேர்ந்துவிடாது

இந்த வருடத்தில் இது மூன்றாவது எஸ்டிமேட். ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களுக்கு ஃபைபர் கேபிள் இழுக்கும் வேலை. கான்ட்ராக்டர் தம்பி சேலத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "எல்லா ஊரையும் பக்கத்து ஊரோட சேர்த்தாச்சுங்க சார், மொத்தம் 15 கிலோமீட்டர்தான் ஆகுது" என்றார். முகத்தில் அப்படியொரு பெருமை. அதற்கு முன்னால் வந்த இரண்டு பேரும் இதே கணக்கைத்தான் கொண்டுவந்தார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர்கள் வேண்டாம். அடையாளம் வைத்தே சொல்கிறேன்: ஏற்காடு, சந்தை, ஓடை, கோயில், பாறை, மேடு. மொத்தம் ஆறு. தூரங்களையும் கணக்குக்காக முழு எண்ணாக்கியிருக்கிறேன். வரைபடத்தை எடுத்துவைத்துச் சரிபார்க்க வேண்டாம். கேபிள் போகக்கூடிய வழிகள் இவ்வளவுதான். ஓடை–சந்தை 2 கிலோமீட்டர், பாறை–மேடு 3, சந்தை–கோயில் 4, ஓடை–கோயில் 5, கோயில்–பாறை 7. ஏற்காட்டிலிருந்து சந்தைக்கு 6, ஓடைக்கு 7, கோயிலுக்கு 8, பாறைக்கு 9, மேட்டுக்கு 11. மற்ற இடங்களில் பள்ளமோ காடோ குறுக்கே நிற்கிறது.

தம்பி செய்தது இதுதான். ஒவ்வொரு ஊரிலும் நின்று, "இங்கிருந்து ரொம்பப் பக்கம் எது?" என்று கேட்டிருக்கிறார். ஓடைக்கு சந்தை, சந்தைக்கு ஓடை. கோயிலுக்கு சந்தை. ஏற்காட்டுக்கும் சந்தைதான். பாறைக்கு மேடு, மேட்டுக்கு பாறை. கோடுகளை எண்ணினால் நான்கு: 2, 4, 6, 3. கூட்டினால் 15. கணக்கு சரி, கேபிள்தான் போய்ச் சேராது. ஏற்காட்டில் விரலை வைத்து, விரலைத் தூக்காமல் மேட்டுக்குப் போய்ப் பாருங்கள். முடியாது. பாறையும் மேடும் தங்களுக்குள் ஒன்றாக இருக்கின்றன, ஆனால் தனித்தீவு. அந்த 3 கிலோமீட்டர் கேபிளில் ஏற்காட்டிலிருந்து வெளிச்சமே வராது.

பக்கத்து ஊரோடு சேர்ப்பது தப்பான யோசனை இல்லை, அரைகுறையான யோசனை. 1926-இல் செக் கணித அறிஞர் ஒத்தகார் பொரூவ்கா, மொராவியாவில் மின்கம்பி இழுக்கும் வேலைக்காக இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். அவருடைய முறையும் "ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் உள்ளதோடு" என்றுதான் தொடங்குகிறது. ஆனால் முதல் சுற்றோடு நிற்காது. சேர்ந்த கூட்டத்தையே ஒரே ஊராக எண்ணிக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு மிகப் பக்கத்துக் கூட்டம் எது என்று மறுபடியும் கேட்கும். ஒரே கூட்டம் ஆகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். நம் ஆட்கள் முதல் சுற்று முடிந்ததும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

இதைச் சொன்னதும் தம்பி திருத்திக் கொண்டுவந்தார். நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான். "ஆறு ஊருக்கு அஞ்சு இணைப்பு வேணும்" என்று சொல்லியிருந்தேன். அவர் பட்டியலில் மலிவான ஐந்தையும் எடுத்துவிட்டார்: 2, 3, 4, 5, 6. மொத்தம் 20. "அஞ்சு கேட்டீங்க, அஞ்சு இருக்குதுங்க." இருக்கிறது, ஐயா. பாறையும் மேடும் இன்னும் தீவுதான். ஓடை, சந்தை, கோயில் மூன்றும் ஏற்கெனவே ஒன்றோடொன்று சேர்ந்தபிறகு, ஓடைக்கும் கோயிலுக்கும் நடுவே 5 கிலோமீட்டர் கேபிளை இழுத்து ஒரு முக்கோணம் போட்டிருக்கிறார். எண்ணிக்கை சரியாக இருப்பதால் இந்தத் தப்பு கண்ணில் படாது. முதல் தப்பைவிட இது மோசம்.

மலிவானதை முதலில் எடுக்கும் முறையை ஜோசப் கிரஸ்கல் 1956-இல் எழுதிவைத்தார். பலரும் அதில் பாதியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். இணைப்புகளை மலிவிலிருந்து வரிசைப்படுத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடு: இது பாதி. எடுப்பதற்கு முன்னால், "இந்த இரண்டு முனையும் ஏற்கெனவே ஒரே கூட்டத்தில் இருக்கின்றனவா?" என்று கேள், ஆமாம் என்றால் அதைத் தள்ளு: இது மறந்துபோகிற பாதி.

நான் இதைக் கலர் பென்சிலால் செய்வேன். ஆறு ஊருக்கும் ஆறு நிறம். முதலில் 2: ஓடையும் சந்தையும் வேறு வேறு நிறம், எடுக்கலாம். இரண்டுக்கும் பச்சை. அடுத்து 3: பாறைக்கும் மேட்டுக்கும் நீலம். அடுத்து 4: கோயிலும் பச்சையாகிறது. இப்போது 5 வருகிறது, ஓடை–கோயில். இரண்டு முனையும் பச்சை. தள்ளு. ஒரு வளையத்தில் மிக நீளமான கோட்டை எடுத்துவிட்டாலும் மற்ற கோடுகள் வழியாக எல்லா ஊரும் சேர்ந்தே இருக்கும், அதனால் அந்த 5-க்குப் பணம் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. அடுத்து 6: ஏற்காடும் பச்சை. அடுத்த வரிசையில் இரண்டு 7. ஏற்காடு–ஓடை பச்சைக்குப் பச்சை, தள்ளு. கோயில்–பாறை பச்சைக்கு நீலம், எடு. எல்லாம் ஒரே நிறம் ஆகிவிட்டது. பட்டியலில் மீதி இருப்பதைப் பார்க்கவே வேண்டாம். 2, 3, 4, 6, 7. மொத்தம் 22.

15-ஐயும் 20-ஐயும் விட இது அதிகம் என்பதால் தம்பிக்கு மனசு ஆறவில்லை. ஆனால் பச்சைக் கூட்டத்தையும் நீலக் கூட்டத்தையும் சேர்க்க ஒரு கோடாவது வேண்டும், அப்படிச் சேர்க்கிற கோடுகள் 7, 9, 11 மூன்றுதான். அதைவிட மலிவாக யாராலும் முடியாது. ஏற்காட்டிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக இழுத்திருந்தால் 41 கிலோமீட்டர் ஆகியிருக்கும்.

அப்புறம் ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வி ஒன்று. "ஏற்காட்டுலிருந்து பாறைக்கு நேரா 9 கிலோமீட்டர். நீங்க சந்தை, கோயில்னு சுத்திக் கொண்டுவந்து 17 ஆக்கிட்டீங்களே?" ஆமாம், சுற்றுத்தான். மொத்தக் கேபிளைக் குறைப்பது வேறு, ஒவ்வொரு ஊருக்கும் குறுக்கு வழி காட்டுவது வேறு. இந்த முறை முதல் வேலையை மட்டும்தான் செய்யும். பஸ்ஸுக்கு வழி போட இதை எடுத்துவராதீர்கள். கேபிளில் அந்தக் கூடுதல் 8 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு ஒரு நொடியில் லட்சத்தில் நான்கு பங்குதான் ஆகும், வீட்டில் யாருக்கும் தெரியாது.

தெரியப்போவது வேறொன்று. இப்படிப் போட்ட அமைப்பில் மாற்று வழி கிடையாது. ஏற்காடு–சந்தை சாலையில் ஜேசிபி ஒரு தடவை பல்லை வைத்தால் ஐந்து ஊரும் இருட்டு. எனவே 22-ஐ அப்படியே டெண்டருக்கு அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. முதலில் வளையமே இல்லாமல் கிளை கிளையாக எல்லா ஊரையும் சேர்க்கிற இந்த 'மரத்தை'ப் போட்டு முடியுங்கள், பிறகு தள்ளிவைத்த கோடுகளில் ஒன்றைத் தெரிந்தே திரும்ப எடுங்கள். இங்கே ஏற்காடு–பாறை 9-ஐச் சேர்த்தால் ஏற்காடு, சந்தை, கோயில், பாறை நான்கும் ஒரு வளையத்தில் வந்துவிடும். ஓடையும் மேடும் மட்டும் கிளையாக நிற்கும். மொத்தம் 31, அப்போதும் 41-க்குக் கீழேதான். தம்பி போட்ட 5 கிலோமீட்டர் முக்கோணமும் வளையம்தான், ஆனால் அது ஏற்காட்டைத் தொடவில்லை. ஏற்காடு–சந்தை கோட்டை ஜேசிபி கடித்தால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொன்று: பட்டியலில் எழுதுவது கிலோமீட்டராக இருக்க வேண்டியதில்லை, ரூபாயாக இருக்கட்டும். பாறையை உடைத்துப் பள்ளம் தோண்டும் 2 கிலோமீட்டர், காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் கட்டிப் போகிற 5 கிலோமீட்டரைவிட அதிகச் செலவு வைக்கலாம். முறை அப்படியே இருக்கும், வரிசை மட்டும் மாறும். எஸ்டிமேட்டை அலுவலகத்தில் உட்கார்ந்து அளக்காமல் நடந்துபோய் அளந்து வாருங்கள்.

போன வாரம் தம்பியை அப்படித்தான் அனுப்பினேன். கோயில்–பாறை 7 என்று வைத்திருந்தது, நடந்து அளந்ததில் 8.2 வந்தது. 9-ஐத் தாண்டியிருந்தால் அந்தக் கோட்டின் இடத்தில் ஏற்காடு–பாறை வந்திருக்கும். தாண்டவில்லை. மரம் அப்படியே நிற்கிறது, டிரம் ஒன்று கூடுதலாக ஆர்டர் போட்டிருக்கிறோம்.