நாலாயிரம் சொற்களை எங்கே வெட்டுவது?

ஆய்வேடு திருத்தும் வேலையில் இருக்கிறேன். "இயல் நீண்டுவிட்டது, குறைக்கணும்" என்று வருபவர்கள் பெரும்பாலும் ஒருமுறை தாங்களே வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். பத்திக்கு இரண்டு வாக்கியம் என்று எல்லா இடத்திலும் ஒரே அளவாக எடுத்திருப்பார்கள். அப்படி எடுத்தால் தேவையான பத்தியும் மெலிகிறது, தேவையில்லாத பத்தியும் தப்பிவிடுகிறது.

ஒரு மாணவியின் இயல் 12,000 சொற்கள் இருந்தது, 8,000 ஆக வேண்டும். சோழர் கால ஊர்ச்சபை விதிகள் ஒரேயடியாக எழுதி வைத்தவை அல்ல, நடத்திப் பார்த்துத் திருத்தியவை என்பது அவர் வாதம். முதன்மைச் சான்று, முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று 919, மற்றது 921. இரண்டுமே குடவோலைத் தேர்தலைச் சொல்வதால் ஒன்று போதும் என்று முன்னதை எடுத்துவிட்டிருந்தார். ஆனால் 919இல் உறுப்பினர் வயது 30 முதல் 60 வரை. 921இல் 35 முதல் 70 வரை. விதி மாறியது அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தானே தெரியும்? பார்வைக்கு இரட்டையாகத் தெரிந்த சான்றுதான் வாதத்தையே தாங்கிக்கொண்டிருந்தது.

பழைய வடிவத்தை எடுத்து ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று பென்சிலால் ஒரு வரி எழுதச் சொன்னேன். ஒரு வரியில் எழுத முடியாத பத்தியில் இரண்டு விஷயம் கலந்திருக்கும். ஒரே வரி இரண்டு பத்திகளுக்கு வந்தால் ஒன்று மிகை. அப்புறம் ஒவ்வொரு வரியையும் எடுத்தால் வாதத்தில் எது விழும் என்று பார்த்தோம்.

முன்னாய்வுகளின் சுருக்கத்தை எடுத்ததில் எதுவும் விழவில்லை. அவர் மறுக்கும் கருத்தை மட்டும் வைத்துக்கொண்டதில் ஏறக்குறைய 2,000 சொற்கள் போயின. சபை இருந்தது என்பதை மட்டும் காட்டிய வேறு ஊர்க் கல்வெட்டுகள் ஒரு சிறு அட்டவணைக்குள் அடங்கின, அதில் 1,200. மீதி 800, மேற்கோளைக் கொடுத்துவிட்டு அதையே உரைநடையில் திரும்பச் சொன்ன இடங்களிலும், "இனி நாம் காணவிருப்பது" போன்ற வரிகளிலும் கிடைத்தது.

வாக்கியத்தைச் சுருக்கும்போதுதான் கவனம் வேண்டும். "பிற ஊர்களிலும் இப்படித் திருத்தியிருக்கலாம்" என்பது "திருத்தினர்" ஆகிவிட்டது. ஒரு சொல்லின் பாதிதான் மிச்சம். ஆனால் அவரிடம் சான்று இல்லாத உறுதி உள்ளே வந்துவிட்டது. வாய்மொழித் தேர்வில் முதலில் பிடிபடுவது அதுதான்.

கடைசியாக "மேற்கண்ட", "முன்னர்க் கூறியது போல" என்பவற்றைக் கோப்பில் தேடிப் பார்த்தோம். ஒன்பது இடங்கள் வந்தன; அவற்றில் நான்கு, வெட்டிப் போன பத்திகளைச் சுட்டிக்கொண்டிருந்தன.