பெட்டி லேபிள் சொல்வதை ஷூவும் சொல்கிறதா?

பழைய ஸ்னீக்கர்களை வாங்கி விற்கும் கடையில் ஒரிஜினலா, காப்பியா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வருகிறவர்களில் பலர் முதலில் நீட்டுவது பெட்டியைத்தான். "பாக்ஸ் ஒரிஜினல் சார்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஒரிஜினல் காலிப் பெட்டிகளைத் தனியாக விற்கிறார்கள், அதற்குள் எந்த ஷூவையும் வைக்க முடியும். அதனால் பெட்டி நன்றாக இருக்கிறதா என்பதைவிட, பெட்டியும் ஷூவும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

'பாண்டா' என்று பசங்க சொல்லும் கறுப்பு வெள்ளை நைக்கி டங்க் லோ ஜோடியையே எடுத்துக்கொள்வோம். 2021இல் சந்தைக்கு வந்த மாடல். ஆண்கள் அளவில் இதன் ஸ்டைல் கோட் DD1391-100. நடுவில் உள்ள சிறு கோட்டுக்கு முன்னால் வரும் DD1391 மாடலையும், பின்னால் உள்ள மூன்று இலக்கங்கள் நிறத்தையும் குறிக்கும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வரும் பாண்டாவுக்குக் கோட் வேறு. பெட்டி லேபிளில் உள்ள இந்தக் கோட், ஷூவின் நாக்கின் உட்புறம் தைத்த சைஸ் டேகிலும் அப்படியே இருக்க வேண்டும்.

அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த பாண்டாவில் கோட் இரண்டு இடத்திலும் சரியாகவே இருந்தது. பெட்டியில் UK 8, US 9, EUR 42.5, CM 27. நைக்கியின் ஆண்கள் அளவுக் கணக்கு இதுதான். டேகைத் திருப்பினால் UK 8 என்று இருந்தது, ஆனால் பக்கத்திலேயே EUR 42, CM 26.5. அது UK 7.5க்கு உரிய கணக்கு. ஏழரைக்குச் செய்த டேகில் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. நம் ஊரில் UK எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதால் மற்ற மூன்றையும் யாரும் படிப்பதில்லை. இதில் ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு பிராண்டுக்கு பிராண்ட் மாறும். அடிடாஸில் UK 8 என்றால் EUR 42தான், அங்கே அது தவறில்லை.

அடுத்து பார்கோடு எண். ஒரே மாடல், ஒரே நிறம் என்றாலும் ஒவ்வொரு சைஸுக்கும் தனி எண் உண்டு. அந்த எண் டேகிலும் அச்சாகியிருந்தால் பெட்டியோடு ஒப்பிடுங்கள். மாணவரின் ஜோடியில் கடைசி இலக்கங்கள் ஒத்துப்போகவில்லை.

டேகில் உள்ள தேதிகளைப் பார்த்துச் சிலர் வீணாகப் பயப்படுகிறார்கள். 05/25/21 என்றிருந்தால் "இருபத்தைந்தாம் மாதம் ஏது?" என்று கேட்கிறார்கள். அது அமெரிக்க முறை, மாதம்தான் முதலில் வரும். மே 25 என்று படிக்க வேண்டும். ஆனால் பாண்டா டேகில் 2018 என்று இருந்தால் நிச்சயம் கேள்வி கேளுங்கள்.

சரி, டேக் எல்லாம் பொருந்திவிட்டது என்றால்? உள்ளே போக வேண்டும். குதிகால் பக்கமிருந்து இன்சோலை மெதுவாகத் தூக்குங்கள். பசை பிடித்திருந்தால் இழுத்துக் கிழிக்காதீர்கள். அடியில் வெளிர் நிறத் துணி அட்டை ஒன்று தெரியும். ஷூவின் மேல்பாகத்தை அதன் ஓரத்தோடு சுற்றிலும் இணைத்திருப்பதற்கு ஸ்ட்ரோபெல் தையல் என்று பெயர். வெளியே தெரியாத இடம் என்பதால் காப்பி செய்பவர்கள் பெரும்பாலும் இங்கே அக்கறை காட்டுவதில்லை. நான் முதலில் டார்ச் அடிப்பது விரல் பக்க வளைவில். வளைவில் துணியைத் திருப்பித் திருப்பித் தைக்க வேண்டும், அவசரக் கை அங்கேதான் தடுமாறும். இந்த ஜோடியில் பக்கவாட்டில் நெருக்கமாக ஓடிய தையல், வளைவில் திடீரென்று அகன்று, நூல் தளர்ந்து நின்றது. வலது ஷூவில் நூல் முனையை வெட்டாமல் பசைக்குள் அமுக்கியிருந்தார்கள்.

ஆனால் தையலை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரிஜினல் தொழிற்சாலையிலிருந்தும் கோணல் தையலோடு ஜோடிகள் வருகின்றன. விலை உயர்ந்த காப்பிகளில் இந்தத் தையல் சுத்தமாகவே இருக்கிறது. இந்த ஜோடியைக் காப்பி என்று நான் சொன்னதற்கு அளவும் பார்கோடும் சேர்ந்து பொருந்தாததுதான் முதல் காரணம். தையல் அதை உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான்.

இன்னொன்று. "சென்னை மால்ல வாங்கினது" என்று விற்பவர் சொன்னால், பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த ஜோடியில் அது இருக்காது, அதில் தப்பில்லை. சொல்லும் கதையோடு ஸ்டிக்கர் பொருந்துகிறதா என்பதுதான் விஷயம்.

ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால் பணம் அனுப்பும் முன் நான்கு படங்கள் கேளுங்கள்: பெட்டி லேபிள், இடது டேக், வலது டேக், இன்சோல் தூக்கிய உட்புறம். அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டும் நான்கிலும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாருடைய ஜோடியின் படமோ உங்களுக்கு வரும். பார்சல் வந்ததும் அதே நான்கு இடங்களையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். அதுவரை ஷூவைக் காலில் மாட்டாதீர்கள், ஒருமுறை தெருவில் நடந்துவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.